ஏழரை நாள் பெண்டிங்கும் ஒரு நன்றிக் கடிதமும்

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாகப் புரிவதற்காக எண்களை நானே வைக்கிறேன். எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். மயில்கழுத்து நிறம் கேட்டவருக்குக் கிளிப்பச்சை போயிருக்கும். திருப்பி அனுப்பிய சேலைக்குப் பணம் வந்திருக்காது. 'என் பார்சல் எங்கே?' என்று ஒருவர் தினமும் கேட்பார். இப்படி வரும் ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் விழும். அதற்கு டிக்கெட் என்று பெயர். ஒருவர் ஒரு நாளில் சராசரியாக 40 டிக்கெட்டை முடிப்பார். எட்டுப் பேர் சேர்ந்தால் 320. தினமும் புதிதாக வருவதும் 320.

வரவும் செலவும் சரிதானே என்று தோன்றும். ஆனால் எப்போதோ ஒரு தள்ளுபடி விற்பனையின்போது தேங்கிய 2,400 டிக்கெட் அப்படியே கிடக்கிறது. அலுவலக மொழியில் இதுதான் 'பெண்டிங்'. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிரூபித்த ஓர் எளிய விதி இருக்கிறது. வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையை, ஒரு நாளில் வேலை முடிந்து வெளியேறுபவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரியாக எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். 2,400ஐ 320ஆல் வகுத்தால் ஏழரை. ஆக, இன்று புகார் தருகிற வாடிக்கையாளருக்கும் ஏழரை நாள் கழித்துத்தான் பதில் போகும். பண்டிகைக் கூட்டம் வந்து புகார்கள் இரண்டு மடங்கானால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லோரும் இரவு இரண்டு மணி நேரம் கூடுதலாக இருங்கள் என்று சொல்லத்தான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டால் அது உதவாது என்று தெரியும். ஆளுக்கு 10 டிக்கெட் கூடினால் ஒரு நாளைக்கு 80. அந்த வேகத்தில் 2,400ஐ முடிக்க 30 நாள் ஆகும். அதற்குள் தீபாவளிப் பலகாரமே தீர்ந்திருக்கும்.

விவரம் தெரிந்த டீம் லீடர் முதலில் குவியலைப் பிரித்துப் பார்ப்பார். பதில் வராத வாடிக்கையாளர் சும்மா இருக்கமாட்டார். மறுபடி எழுதுவார், மறுபடி போன் செய்வார். ஒவ்வொன்றும் புது டிக்கெட் ஆகிவிடும். ஒரே ஆளின் மூன்று டிக்கெட்டை ஒன்றாகச் சேர்த்தால் பெண்டிங்கில் 500 குறைகிறது. இன்னொரு 700 டிக்கெட் 'பார்சல் எங்கே?' ரகம். கூரியர் நிறுவனத்திடமிருந்து பட்டியலை மொத்தமாக வாங்கி, எல்லோருக்கும் ஒரே நாளில் பதில் அனுப்பிவிடலாம். அந்தத் தகவலைக் கேட்கும் முன்பே தினமும் காலையில் அனுப்பத் தொடங்கினால், வரும் புகாரும் 320இலிருந்து 240 ஆக இறங்குகிறது. தேக்கமே தேக்கத்தை வளர்த்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரியும்.

மிச்சம் 1,200. எல்லாமே சிக்கலானவை. வங்கியைக் கேட்க வேண்டும், கோடவுனைக் கேட்க வேண்டும், புகைப்படத்தைப் பார்க்க வேண்டும். இந்த வகையில் ஒருவரால் நாளைக்கு 25தான் முடியும். ஆறு பேர் புதிய 240ஐப் பார்த்துக்கொண்டால் பழையதற்கு இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். 50 வீதம் 24 நாள் ஆகும், போதாது. அதனால் கோடவுனிலிருந்து இரண்டு பேரைக் கடன் வாங்குகிறார்கள். இப்போது நான்கு பேர், நாளைக்கு 100, மொத்தம் 12 வேலைநாள். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் சரியாக இரண்டு வாரம்.

இதில் ஏமாற்றவும் வழி உண்டு. சுலபமானதை முதலில் முடித்தால் எண்ணிக்கை மளமளவென்று இறங்கும். பழைய சிக்கல் அடியில் கிடந்து நாறும். பிரச்சினை தீராமலேயே 'முடிந்தது' என்று டிக்கெட்டை மூடுபவர்களும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க இரண்டு எண்கள் போதும். இருப்பதிலேயே பழைய டிக்கெட்டுக்கு எத்தனை நாள் வயது? மூடியவற்றில் எத்தனை ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்தன?

இவ்வளவும் தெரிந்தால்தான் நன்றிக் கடிதம் எழுத முடியும். 'அனைவரின் கடின உழைப்புக்கும் நன்றி, நாம் ஒரே குடும்பம்' என்ற வரியை அந்த அறைக்குள் கால் வைக்காதவர்கூட எழுதலாம். வாங்குகிறவருக்கும் அது தெரியும். நம் டீம் லீடர் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும். ஆட்களின் பெயர் வர வேண்டிய இடத்தில் அவர்கள் செய்த வேலையைக் குறித்திருக்கிறேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன்னாடி 2,400 பெண்டிங். இன்னிக்கு சாயங்காலம் 38. அதுல ரொம்பப் பழசுக்கு மூணு நாள் வயசு.

ஒரே ஆளோட டிக்கெட்டையெல்லாம் ஒண்ணா சேர்க்கலாம்னு முதல்ல சொன்னது நம்ம குழுவுக்குப் புதுசா வந்த தங்கச்சி. அதுலயே 500 போச்சு. கோடவுன்லேருந்து வந்த அண்ணன் இல்லேன்னா, நிறம் மாறிப்போன 60 புகாரும் ஒரே பண்டல்ல ஸ்டிக்கர் மாறினதால வந்ததுன்னு நமக்குத் தெரிஞ்சே இருக்காது. புது டிக்கெட் பார்த்த ஆறு பேரைப் பத்தி யாரும் பேசமாட்டாங்க. அவங்க தினமும் 240ஐ முடிக்கலேன்னா பழசு குறைஞ்சே இருக்காது.

மூடினதுல 46 திரும்பி வந்திருக்கு. பணம் எப்ப வரும்னு தேதி சொல்லாம மூடச் சொன்னது நான். அது என் தப்பு. திங்கட்கிழமைலேருந்து தேதி போட்டுத்தான் மூடணும்.

ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்தவங்களுக்கு ஓவர்டைம் இந்த மாசச் சம்பளத்துலயே வரும், கணக்கு அனுப்பிட்டேன். ஊருக்குப் போறவங்க லீவை யாரும் ரத்து பண்ணமாட்டோம். நன்றி."

இதில் பாராட்டுச் சொல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. யார் செய்த எந்த வேலை எதைக் குறைத்தது என்ற கணக்குதான் இருக்கிறது. வெளியே தெரியாத வேலை பார்த்த ஆறு பேருக்கும் அதில் இடம் இருக்கிறது. பெரும்பாலான நன்றிக் கடிதங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பெண்டிங்கைக் குறைத்தவர் கண்ணில் படுவார். புதிதாகத் தேங்காமல் பார்த்துக்கொண்டவர் படமாட்டார். அவர்களை விட்டுவிட்டால், அடுத்த முறை அன்றாட வேலையை ஏற்க யாரும் முன்வரமாட்டார்கள்.

தவறை ஒத்துக்கொண்ட வரிக்கும் ஒரு பயன் உண்டு. 46 டிக்கெட் திரும்பி வந்ததை மறைத்திருந்தால், மற்ற எண்களையும் யாரும் நம்பமாட்டார்கள். பாராட்டும் அதோடு சேர்ந்து மதிப்பிழக்கும்.

கடைசிப் பத்திதான் முக்கியம். நன்றி என்பது கூலிக்கு மாற்று ஆகாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, கூடுதல் நேர வேலைக்கு வழக்கமான ஊதியத்தைப்போல் இரண்டு மடங்கு தர வேண்டும் என்கிறது. அதைக் கொடுத்துவிட்டுச் சொல்கிற நன்றிதான் நன்றி. கொடுக்காமல் சொன்னால் அது இன்னொரு பெண்டிங்.