சாக்கடைத் தண்ணீரும் 14-ஆம் நம்பர் வீடும்

குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து வரும் தெருவில் முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் மனு அல்ல; பேஸ்புக் பதிவுதான். உதாரணத்துக்கு, 41 வீடுகள் உள்ள ஒரு நகராட்சித் தெருவை எடுத்துக்கொள்வோம். அங்கே வயிற்றுப்போக்கில் துவண்ட பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த ஒரு தகப்பன், இரவில் இப்படி எழுதுகிறார்:

“மூணு மாசமா சாக்கடைத் தண்ணியத்தான் குடிக்கிறோம்! ரோட்டைத் தோண்டுன நாள்லேர்ந்து இதே நாத்தம். இன்ஜினியர் கமிஷன் வாங்கிட்டு மட்டமான பைப்பைப் போட்டுட்டான். தெருவுல எல்லாப் புள்ளைக்கும் காலரா. நூறு தடவை போன் பண்ணியாச்சு, ஒருத்தனும் எடுக்கல. வரி மட்டும் கரெக்டா புடுங்குறீங்க இல்ல? ஓட்டு கேட்டு வரட்டும், செருப்பால அடிக்கிறோம். எல்லாரும் ஷேர் பண்ணுங்க!!!”

இந்தக் கோபத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. குடிக்கிற தண்ணீரில் மலம் கலந்தால் கோபம் வராதவர் யார்? ஆனால் இதைப் படிக்கும் உதவிப் பொறியாளருக்கு எங்கே தோண்ட வேண்டும் என்பது மட்டும் தெரியாது. குடியிருப்போர் மனுவாக மாற்றும்போது நிரப்ப வேண்டிய இடைவெளி அதுதான்.

பலர் இங்கே இன்னொரு தவறு செய்கிறார்கள். வசவை நீக்கிவிட்டு, “மேற்படி பகுதியில் வசிக்கும் பொதுமக்கள் சொல்லொணாத் துயரத்திற்கு ஆளாகியுள்ளதால் ஆவன செய்யுமாறு பணிவன்புடன்” என்று எழுதிவிடுகிறார்கள். மரியாதை கூடியிருக்கிறது, தகவல் குறைந்துவிட்டது. பதிவிலாவது நாற்றம், ரோடு தோண்டியது என்று இரண்டு தடயங்கள் இருந்தன. இதில் அதுவும் போய்விட்டது.

ஆகவே பதிவை ஒவ்வொரு வரியாக எடுத்து, “இது நான் கண்டதா, பிறர் சொல்லிக் கேட்டதா, நானாக ஊகித்ததா?” என்று கேட்க வேண்டும். பேனாவைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு பேர் ஒரு நோட்டோடு வீடு வீடாகப் போக வேண்டும்.

‘மூணு மாசமா’ என்பதிலிருந்து தொடங்கலாம். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை 6 மணிக்கு வருகிறது என்றால், முதன்முதலில் நாறிய நாள் எது என்பது குடம் பிடித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பொங்கல் முடிந்து இரண்டாம் நாள் என்பார்கள், தினசரித் தாளில் குறித்து வைத்திருப்பார்கள். நம் உதாரணத்தில் அது ஜனவரி 17. மனு ஏப்ரல் 2-ஆம் தேதி எழுதப்படுகிறது என்றால் இரண்டரை மாதம்தான் ஆகிறது. மூன்று மாதம் என்று எழுதி, அதிகாரி தன் பதிவேட்டைப் பார்த்து “அப்போது ரோடே தோண்டவில்லையே” என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. தேதியை எழுதிவிட்டால் எத்தனை மாதம் என்பதை அவரே கணக்கிட்டுக்கொள்வார்.

அடுத்து ‘சாக்கடைத் தண்ணி’. நோட்டோடு போனவர்கள் கேட்க வேண்டியது: குழாய் திறந்தவுடன் எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் கழித்துத் தெளிகிறது? முதல் 15 நிமிடம் கறுத்து நாறி வந்து, பிறகு தெளிந்தால் அது முக்கியமான தடயம். நம் ஊர்களில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் இருப்பதில்லை. தண்ணீரை நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடுகிறது. எங்கேயாவது இணைப்பு விட்டிருந்தால், அல்லது சாக்கடையைக் கடந்து போகும் இரும்பு வீட்டிணைப்பு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால், சுற்றியுள்ள கழிவுநீர் அந்த வெற்றுக் குழாய்க்குள் கசிந்து தேங்குகிறது. மறுமுறை தண்ணீர் விடும்போது தேங்கியதுதான் முதலில் வருகிறது. “நாறுகிறது” என்பதைவிட “முதல் 15 நிமிடம் நாறுகிறது” என்பது பொறியாளரோடு அவருடைய பாஷையிலேயே பேசுகிறது.

அதைவிட முக்கியமானது எந்தெந்த வீடு என்பது. தண்ணீர் 1-ஆம் நம்பரிலிருந்து 41-ஆம் நம்பர் நோக்கி ஓடுகிறது. நோட்டைப் புரட்டிப் பார்த்தால் 1 முதல் 13 வரை எந்த வீட்டிலும் நாற்றம் இல்லை. 14-லிருந்து கடைசிவரை உள்ள 28 வீடுகளில் இரண்டு பூட்டிக் கிடக்கின்றன, மூன்று வீட்டார் போர் தண்ணீர் மட்டும் பயன்படுத்துகிறார்கள். மீதி 23 வீட்டிலும் நாற்றம். உடைப்பு 13-க்கும் 14-க்கும் நடுவே இருக்க வாய்ப்பு அதிகம் என்பது இப்போது யாருக்கும் புரியும். அந்தப் பதிவை ஆயிரம் பேர் பகிர்ந்தாலும் இந்த ஒரு தகவல் கிடைத்திருக்காது. நாற்றம் இல்லாத வீடுகளையும் கேட்டதால்தான் கிடைத்தது.

‘எல்லாப் புள்ளைக்கும் காலரா’ என்ற வரியை அப்படியே விடவே கூடாது. காலரா என்பது மலப் பரிசோதனையில் உறுதி செய்ய வேண்டிய நோய். பரிசோதனைச் சீட்டு இல்லாமல் அந்தச் சொல்லை எழுதினால், “காலரா எதுவும் பதிவாகவில்லை” என்ற ஒற்றை வரியில் மனுவுக்குப் பதில் வந்துவிடும். நடந்ததை எண்ணி எழுதினால் போதும்: ஜனவரி 17-க்குப் பிறகு அந்த 23 வீடுகளில் 14 பேருக்கு வயிற்றுப்போக்கு, அவர்களில் இருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், 1 முதல் 13 வரையுள்ள வீடுகளில் ஒருவருக்கு மட்டும். தண்ணீரால்தான் வந்தது என்று நாம் தீர்ப்பு எழுத வேண்டாம், இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலே நகர்நல அலுவலருக்கு விஷயம் புரிந்துவிடும். நோயாளிகளின் பெயர் மனுவில் வேண்டாம். மருத்துவச் சீட்டு நகலை அந்தந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு மட்டும் இணைக்கலாம்.

பரிசோதனை ஒன்று கையில் இருந்தால் மனுவின் பலம் பல மடங்கு கூடும். எச்2எஸ் குப்பி என்று சிறிய சோதனைக் குப்பி உண்டு. குறியிட்ட அளவுவரை தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தால், ஒன்றிரண்டு நாளில் கறுப்பாக மாறினால் மலக் கிருமி கலந்திருக்கலாம் என்று அர்த்தம். அது அறிகுறி மட்டுமே, சான்று ஆகாது. சான்று வேண்டுமானால் ஆய்வகம்தான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்திகரித்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். கடையில் வாங்கிய பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்தால் முடிவை நம்ப முடியாது. பனிக்கட்டி வைத்து அன்றே, சில மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்கிறது. அறிக்கை வந்துவிட்டால் “அசுத்தம்” என்ற அடைமொழிக்கே மனுவில் வேலை இல்லை.

இனி ‘கமிஷன் வாங்கிட்டான்’. இதை நீக்கத்தான் வேண்டும். பயந்துபோய் நீக்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். நம் கையில் ஆதாரம் இல்லை; அதோடு, மொத்த மனுவும் அந்த ஒரு வரியைச் சுற்றியே சுழலத் தொடங்கும், குழாய் மறந்துபோகும். சட்டமும் இங்கே வித்தியாசம் பார்க்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவுப்படி அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு அதே பிரிவு விதிவிலக்கு தருகிறது. ஊருக்கெல்லாம் பகிரும் பதிவு அந்த விதிவிலக்கை நம்பியிருக்க முடியாது. குழாயின் தரத்தில் உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அதற்குத் தனி வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அந்த வேலையின் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேட்கலாம். லஞ்சத்துக்கு ஆதாரம் இருந்தால் போக வேண்டிய இடம் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை.

‘ரோட்டைத் தோண்டுன நாள்லேர்ந்து’ என்பது மட்டும் மனுவில் நிற்க வேண்டும், ஆனால் வரிசையாக மட்டும்: ஜனவரி 9-இல் தோண்டினார்கள், 17-இல் நாற்றம் தொடங்கியது. தோண்டியதால்தான் என்று எழுத வேண்டாம்.

‘நூறு தடவை போன்’ என்பது, புகார் எண்ணோடு பதிவான அழைப்புகளாகச் சுருங்க வேண்டும். முதல்வரின் உதவி மையமான 1100-இல் சொல்லியிருந்தால் அந்தப் பதிவு எண் இருக்கும். மூன்றே புகார்தான் என்றால் மூன்று என்றே எழுதலாம், எண்ணோடு கூடிய மூன்றை யாரும் மறுக்க முடியாது. ‘வரி’ பற்றி எழுதுமுன் ரசீதுகளைப் பார்க்க வேண்டும். “நாங்கள் அனைவரும் வரி செலுத்தியுள்ளோம்” என்று எழுதி, கையெழுத்திட்டவர்களில் நாலு வீட்டுக்குப் பாக்கி இருந்தால் அதுதான் பேச்சாகிவிடும். எனக்குக் கேட்டால் அந்த வரியே வேண்டாம். வரி பாக்கி வைத்தவர் வீட்டுக் குழந்தைக்கும் சாக்கடை கலந்த தண்ணீரைக் கொடுக்க முடியாது. செருப்பு பற்றிச் சொல்லத் தேவையே இல்லை.

பதிவில் இல்லாத ஒன்றையும் தெரு பேசித் தீர்க்க வேண்டும். நகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் அந்தத் தெருவிலும் இருக்கும். மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் இன்னும் குறைந்து, ஓட்டை வழியாகக் கழிவுநீர் உள்ளே வர வசதியாகிறது. ஆய்வுக்கு வரும் பொறியாளர் முதலில் பார்ப்பது அந்த மோட்டார்களைத்தான். மனு கொடுக்குமுன் அவற்றைக் கழற்றியாக வேண்டும். இதில் பக்கத்து வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் வரலாம், வரட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு மனுவின் நடுப்பகுதி இப்படி அமையும்:

“எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை 6 மணிக்குக் குடிநீர் வழங்கப்படுகிறது. 09.01 அன்று 13, 14 எண் வீடுகளுக்கு எதிரே சாலை தோண்டப்பட்டது. 17.01 முதல், 14 முதல் 41 வரையிலான எண்களில் குழாய்நீர் பயன்படுத்தும் 23 வீடுகளிலும் முதல் 15 நிமிடம் கறுப்பு நிறத்தில், கழிவுநீர் நாற்றத்துடன் தண்ணீர் வருகிறது. 1 முதல் 13 வரையிலான வீடுகளில் இக்குறை இல்லை. இந்த 23 வீடுகளில் 14 பேருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, இருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மூன்று புகார்கள் பதிவு செய்துள்ளோம். எண்கள் இணைப்பில் உள்ளன. எனவே, (அ) குறை சரியாகும் வரை நாளை முதல் லாரி மூலம் குடிநீர் வழங்கவும், (ஆ) 13, 14 எண் வீடுகளுக்கு இடையே குழாயைத் தோண்டி ஆய்வு செய்து 7 நாட்களுக்குள் சரிசெய்யவும், (இ) சரிசெய்த பின் 14, 28, 41 எண் வீடுகளில் தண்ணீர் மாதிரி எடுத்துப் பரிசோதனை முடிவை எழுத்துப்பூர்வமாகத் தரவும் கேட்டுக்கொள்கிறோம்.”

கோரிக்கைகள் மூன்றும் அந்த அலுவலகத்தால் செய்யக்கூடியவை, செய்தார்களா இல்லையா என்று நம்மால் பார்த்துச் சொல்லக்கூடியவை. “நிரந்தரத் தீர்வு காண வேண்டும்” என்று எழுதியிருந்தால் எதையும் சரிபார்க்க முடியாது.

கையெழுத்து வாங்கும்போது வெறும் தாளில் வாங்கக் கூடாது. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் மனுவின் பொருளும் தேதியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தாள் எந்த மனுவுக்கு உரியது என்ற கேள்வி வரும். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். “எங்க வீட்டுல நாத்தம் கால் மணி நேரம் இல்லப்பா, அரை மணி நேரம்” என்று ஒரு பாட்டி திருத்தினால், அதையும் மனுவில் சேர்க்க வேண்டும்.

மனு ஆணையருக்கு, நகல்கள் உதவிப் பொறியாளர், நகர்நல அலுவலர், வார்டு உறுப்பினருக்கு. திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் நம் நகலில் தேதியோடு முத்திரை அல்லது ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. பதில் வராவிட்டால் அடுத்த மனுவில் குரலை உயர்த்த வேண்டியதில்லை. முதல் மனுவின் தேதி, ஒப்புகை எண், இடைப்பட்ட நாட்களில் புதிதாக நோயுற்றவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் சேர்த்துக் கொடுக்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்கலாம்: அந்த மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் அனுப்பப்பட்டது, அவர் எழுதிய குறிப்பு என்ன? 30 நாட்களுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.