150 எழுத்தில் ஒரு தையல் கடை

இன்ஸ்டாகிராமில் சுயவிவரத்துக்குக் கிடைக்கும் இடம் 150 எழுத்து. வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக் கொடுப்பவருக்கு அதுதான் கடை போர்டு. 'உங்கள் கனவு ஆடைகளுக்கு எங்களை அணுகவும்' என்று எழுதினால் இடம்தான் வீணாகும். என்ன தைப்பார், எத்தனை நாளில் கிடைக்கும், யாரைக் கேட்பது என எதுவும் அதில் இல்லை.

தமிழில் எழுதும்போது இன்னும் சிக்கனம் வேண்டும். கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனி எழுத்தாகவே கணக்கில் சேரும். 'தையல்' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, போனுக்கு ஐந்து.

மதுரையில் ஒருவர் லைனிங் ப்ளவுஸும் ஆரி ப்ளவுஸும் தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதலாம்:

லைனிங், ஆரி ப்ளவுஸ்
லைனிங் 5 நாள், ஆரி 15 நாள்
துணி கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு
அளவு ப்ளவுஸ் அவசியம்
மதுரை அண்ணாநகர்
ஆர்டர்: வாட்ஸப் மட்டும்

வரி மாற்றங்களையும் சேர்த்து 144 எழுத்து.

இரண்டு வேலைக்கும் ஒரே நாள் கணக்குப் போட்டால் சண்டைதான் வரும். ஆரிக்குத் துணியை முதலில் வெட்டுவதில்லை. அளவைத் துணியில் குறித்து, பிரேமில் இழுத்துக் கட்டி, கழுத்துக்கும் கைக்கும் ஊசி வேலை முடித்த பிறகுதான் வெட்டித் தைப்பார்கள். டிசைன் நெருக்கமாக இருந்தால் நாளும் கூடும்.

மூன்றாவது வரியும் முக்கியம். போனில் பேசிய நாளிலிருந்து வாடிக்கையாளர் எண்ணுவார். துணியோ நான்கு நாள் கழித்துத்தான் வந்து சேரும். அளவு ப்ளவுஸ் வராவிட்டால் வெட்டவே முடியாது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் எழும் தகராறுகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

முகவரியில் ஏரியா பெயர் போதும். வீட்டில் தைப்பவர் கதவு எண்ணை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டியதில்லை. ஆர்டர் உறுதியானதும் இருப்பிடத்தை அனுப்பிக்கொள்ளலாம். தொழிலுக்கென்று தனி எண் இருந்தால் ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டு போன் அடிக்காது. அந்த எண்ணை இந்த ஆறு வரிக்குள் திணிக்காமல், இணைப்புக்கான கட்டத்தில் wa.me/91 என்று அடித்து, இடைவெளி விடாமல் பத்து இலக்க எண்ணைச் சேர்த்தால் தொட்டதும் வாட்ஸப் திறக்கும்.

பெயருக்கான கட்டத்தில் தனியாக 64 எழுத்து உண்டு. தேடுபவர்களுக்கு அகப்பட அந்தக் கட்டமும் உதவும். கடைப் பெயரோடு Aari Blouse Madurai என்று ஆங்கில எழுத்திலும் சேர்ப்பது நல்லது. பலர் அப்படித்தான் தேடுகிறார்கள். அந்தப் பெயரை 14 நாளில் இரண்டு முறைக்கு மேல் மாற்ற முடியாது என்பதால் யோசித்துப் போட வேண்டும்.

நாள் கணக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தீபாவளி நெருங்கினால் 5 நாளை 10 ஆகவும், 15-ஐ 25 ஆகவும் திருத்திவிடுங்கள். ஒரே ஒரு எழுத்துதான் கூடும்.