உங்கள் போனில் யாருக்கெல்லாம் காசு போகும் என்று செயலிக்கு எப்படித் தெரிகிறது?

கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் ஒரு பையன், கொட்டகலையில் இருக்கும் அம்மாவுக்குச் சம்பளத்தில் கொஞ்சம் அனுப்புவதற்காகப் பணச் செயலி ஒன்றைப் போனில் இறக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். "உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா?" என்று அது கேட்கிறது. சரி என்று தட்டிய சில வினாடிகளில் முன்னூறு பெயர்களில் நாற்பதுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அடையாளம் விழுகிறது. அந்த நாற்பது பேருக்கும் இப்போதே காசு அனுப்பலாம். ரீலோட் கடைக்காரர் அதில் இருக்கிறார். பேச்சுவார்த்தை நின்றுபோன பழைய கூட்டாளியும் இருக்கிறான். அம்மா மட்டும் இல்லை.

நம் நாட்டில் போன் இலக்கத்தையே பணக் கணக்காக்கும் பழக்கம் புதிதல்ல. டயலொக் நிறுவனம் 2012இல் ஈசி கேஷைத் தொடங்கியபோது பட்டன் போனில் #111# அடித்தே காசு அனுப்ப முடிந்தது. அனுப்புகிறவர் இலக்கத்தைத் தானே அடித்தார், யாருக்கு என்பதும் அவருக்குத்தான் தெரியும். இன்றைய செயலிகளோ நாம் கேட்பதற்கு முன்பே நம் பட்டியல் முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் வாடிக்கையாளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

ஒப்பிட வேண்டுமானால் இரண்டு பக்கத்திலும் இலக்கம் ஒரே வடிவில் இருக்க வேண்டும். ஒரே ஆளின் இலக்கத்தை நாம் 077 என்று தொடங்கியும் எழுதுவோம், 0094 போட்டும் எழுதுவோம், நடுவில் இடைவெளியும் கோடும் விடுவோம். செயலி கோட்டையும் இடைவெளியையும் நீக்கி, முன்னால் இருக்கும் பூச்சியங்களை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் `+9477xxxxxxx` என்ற சர்வதேச வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நாட்டுக் குறியீடு எழுதப்படாத இலக்கம் எந்த நாட்டுடையது என்று செயலி ஊகிக்கத்தான் வேண்டும். சில செயலிகள் போனில் இருக்கும் சிம்மைப் பார்த்து அதை முடிவு செய்யும். கட்டாரில் வேலை செய்யும் ஒருவர் அந்த நாட்டு சிம்மைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் இலக்கத்தை வெறும் 077 என்று சேமித்திருந்தால், செயலி அதைக் கட்டார் இலக்கமாக எண்ணிப் பார்த்து, அங்கே அப்படி ஓர் இலக்கமே கிடையாது என்று தள்ளிவிடும். அம்மா பெயரில் அடையாளம் விழாது. +94 சேர்த்துச் சேமித்தால் விழும். 051இல் தொடங்கும் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருந்தாலும் இதே கதைதான். அம்மா அந்தச் சேவையில் சேரவே இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம், ஆனால் அதை முடிவு செய்வதற்கு முன் இலக்கம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

வடிவம் சரியானதும் பட்டியல் செயலி நிறுவனத்தின் சேவையகக் கணினிக்குப் போகிறது. சில செயலிகள் இலக்கங்களை அப்படியே அனுப்பும். சில அவற்றை 'ஹாஷ்' ஆக்கி அனுப்பும். ஹாஷ் என்பது ஒரு கணக்கு முறை. எந்த இலக்கத்தைக் கொடுத்தாலும், பார்த்தால் ஒன்றும் புரியாத ஒரு நீண்ட குறியீட்டை அது தரும். ஒரே இலக்கத்துக்கு எப்போதும் ஒரே குறியீடுதான் வரும், குறியீட்டிலிருந்து இலக்கத்துக்குத் திரும்பி வர நேர்வழி இல்லை. சேவையகம் தன் வாடிக்கையாளர்களின் இலக்கங்களையும் அதே முறையில் மாற்றி வைத்திருக்கும். இரண்டு குறியீடும் ஒன்றாக இருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். நிறுவனங்கள் இதைக் காட்டி "உங்கள் தொடர்புகள் எங்களுக்குத் தெரியாது" என்று சொல்வதுண்டு.

அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். இலங்கையின் கைபேசி இலக்கங்கள் 070, 071, 072, 074, 075, 076, 077, 078 என்று எட்டு விதமாகத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஏழு எண்கள் வருவதால் ஒரு தொடக்கத்துக்கு ஒரு கோடி, மொத்தம் எட்டுக் கோடி இலக்கங்கள்தான் இருக்க முடியும். விளையாட்டுக்கென்று விற்கப்படும் கணினியின் கிராபிக்ஸ் அட்டையே வினாடிக்கு நூறு கோடிக்கும் மேல் ஹாஷ் போடும். எட்டுக் கோடியையும் மாற்றி ஓர் அட்டவணை செய்ய அதற்கு ஒரு வினாடிகூட வேண்டாம். பிறகு எந்தக் குறியீடு வந்தாலும் அட்டவணையில் தேடினால் இலக்கம் கிடைத்துவிடும். திரும்பிப் போக நேர்வழிதான் இல்லை, சுற்றுவழி மிகச் சுலபம்.

இதற்கு மேலான முறைகள் இருக்கின்றன. ஒன்றில் போனும் சேவையகமும் ஒவ்வொன்றும் தனக்கு மட்டும் தெரிந்த ஓர் இரகசிய எண்ணை வைத்திருக்கும். போன் தன் பட்டியலைத் தன் எண்ணால் பூட்டி அனுப்பும், சேவையகம் அதன் மேல் தன் பூட்டையும் போட்டுத் திருப்பித் தரும். சேவையகத்தின் பட்டியலும் இப்படியே இரண்டு பூட்டும் வாங்கும். எந்தப் பூட்டு முதலில் விழுந்தாலும் முடிவு ஒன்றாகவே வருமாறு கணக்கு அமைக்கப்பட்டிருப்பதால், இரட்டைப் பூட்டு விழுந்தவற்றை ஒப்பிட்டாலே பொதுவானவர்கள் யார் என்று தெரிந்துவிடும். மற்றவர்களின் இலக்கம் எந்தப் பக்கத்துக்கும் வெளிப்படாது. கோடிக்கணக்கான வாடிக்கையாளர் உள்ள நிறுவனத்துக்கு இது செலவு பிடித்த வேலை. சிக்னல் செயலி 2017இல் வேறு வழி எடுத்தது. சேவையகத்தின் உள்ளே, அதை நடத்துகிறவர்களே எட்டிப் பார்க்க முடியாதபடி மூடப்பட்ட ஒரு சில்லுப் பகுதியில் ஒப்பீட்டை அது வைத்தது.

ஆனால் எவ்வளவு நல்ல பூட்டானாலும் ஒரு துவாரம் மிச்சம் இருக்கும். அந்தத் துவாரம் பதிலேதான். இந்த இலக்கத்துக்குக் காசு போகும், இதற்குப் போகாது என்று செயலி சொல்கிறது அல்லவா? உண்மையான தொடர்புகளுக்குப் பதிலாக ஒருவன் வரிசையாக உருவாக்கிய இலக்கங்களைப் பட்டியலில் போட்டுக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். அவுஸ்திரேலியாவில் இது நடந்தே விட்டது. அங்கே பேஐடி என்ற முறையில் போன் இலக்கத்தைக் கொடுத்தால் பெறுகிறவரின் பெயர் திரையில் தெரியும். தவறான ஆளுக்கு அனுப்பிவிடக்கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. 2019இல் வெஸ்ட்பேக் வங்கியின் ஏழு வாடிக்கையாளர் கணக்குகளைக் கைப்பற்றியவர்கள் சுமார் 6 இலட்சம் தடவை இப்படித் தேடி, ஏறக்குறைய 98,000 பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்குகளிலிருந்து பணம் எடுக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. இலக்கமும் பெயரும் சேர்ந்து கையில் இருந்தால், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்ற அதுவே போதும்.

ஆகவே ஒரு கணக்கிலிருந்து ஒரு நாளில் எத்தனை இலக்கத்தைக் கேட்கலாம் என்ற கட்டுப்பாடுதான் எந்தப் பூட்டையும்விட முக்கியம். முன்னூறு பெயர் வைத்திருக்கும் ஆளின் போனிலிருந்து முப்பதாயிரம் கேள்வி வந்தால் அது ஆள் கேட்பதல்ல. அதைக் கவனிக்காத செயலி எந்த ஹாஷைப் பயன்படுத்தினாலும் ஒன்றுதான்.

அடையாளம் விழுந்தவருக்கு அனுப்பும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையில் தெரியும் "சித்தப்பா" என்ற பெயர் பல செயலிகளில் உங்கள் போன் புத்தகத்திலிருந்து வருவது, சேவையகத்திலிருந்து வருவதல்ல. சித்தப்பா நீண்ட நாள் பாவிக்காமல் விட்ட சிம் இலக்கத்தை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். அந்தப் புதியவர் சேவையில் சேர்ந்திருந்தால் அடையாளம் விழும், காசும் போகும், சித்தப்பாவுக்குத்தான் போகாது. இந்தியாவில் யுபிஐ செயலிகள் காசு அனுப்பும் முன் பெறுகிறவரின் வங்கிப் பதிவில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று 2025இல் விதி வந்ததற்கு இப்படிப்பட்ட குழப்பமும் ஒரு காரணம்.

தோட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு லயத்து வீட்டில் ஒரே போனை நாலு பேர் பாவிப்பார்கள். இலக்கம் அம்மாவுடையது என்று நீங்கள் நினைப்பீர்கள், சேவையில் பதிந்திருப்பதோ அக்காவின் கணவரின் அடையாள அட்டை. காசு அவருடைய கணக்கில்தான் விழும். பெரிய தொகை அனுப்பும் முன் நூறு ரூபாய் அனுப்பிவிட்டு, "யார் பெயருக்கு வந்தது?" என்று ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அனுப்புகிறவர் தொடர்புகளைத் திறந்துவிடத் தேவையே இல்லை. வேண்டாம் என்று தட்டிவிட்டு இலக்கத்தைக் கையால் அடித்தாலும் காசு போகும்.