பாரத்தை மூன்றால் வகுத்தால் போதுமா?

எஃகு உத்திரம் எஃகுத் தூணைச் சேரும் இடத்தில் வெளியே தெரிவது ஒரு தகடும் சில போல்ட்டுகளும்தான். ஒரு போல்ட் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, மொத்தப் பாரத்தை அதால் வகுத்தால் எத்தனை போல்ட் வேண்டும் என்று தெரிந்துவிடுமே என்று தோன்றும். அப்படி வகுத்துப் போட்ட இணைப்பு காகிதத்தில் நிற்கும், கட்டடத்தில் நிற்காது. ஏன் என்று ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம்.

உத்திரம் 350 மி.மீ. உயரமுள்ள ஐ.எஸ்.எம்.பி. 350. அதன் நடுத்தகட்டை வெப் என்பார்கள், தடிமன் 8.1 மி.மீ. தூணின் முகத்தில் 10 மி.மீ. தகடு ஒன்றை நிமிர்த்தி வெல்டிங் செய்திருக்கிறார்கள். பட்டறையில் இதற்கு ஃபின் பிளேட் என்று பெயர். வெப்பை இந்தத் தகட்டோடு ஒட்டி வைத்து, 20 மி.மீ. போல்ட் மூன்றை ஒன்றன்கீழ் ஒன்றாக 60 மி.மீ. இடைவெளியில் முடுக்குகிறோம். போல்ட் வரிசைக்கும் தூணின் முகத்துக்கும் இடையே 60 மி.மீ. தூரம். உத்திரத்தின் முனையிலிருந்து இறங்கும் பாரம், பாதுகாப்புக்காகக் கூட்டியதையும் சேர்த்து, 100 கிலோநியூட்டன். ஏறக்குறைய 10 டன்.

முதலில் வெட்டுவிசை. ஒரு தகடு கீழே இறங்கப் பார்க்க, இன்னொன்று பிடித்து நிறுத்த, நடுவில் இருக்கும் போல்ட்டை இரண்டும் கத்தரிக்கப் பார்க்கின்றன. வழக்கமான 4.6 ரக போல்ட் என்றால் ஐ.எஸ். 800 விதிப்படி ஒன்று 45.3 கிலோநியூட்டன் தாங்கும். திருகுமரை வெட்டும் தளத்திலேயே வருவதாக எடுத்துக்கொண்ட கணக்கு இது. 100ஐ மூன்றால் வகுத்தால் 33.3. தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும்.

அடுத்து தாங்கு அழுத்தம், பட்டறை மொழியில் பேரிங். போல்ட் அறுந்துபோகாவிட்டாலும், அது அழுத்தும் இடத்தில் தகடு நசுங்கித் துளை நீளலாம். துளையிலிருந்து ஓரம் கிட்டத்தில் இருந்தால் அந்த ஓரமே கிழியலாம். 22 மி.மீ. துளைக்கு 40 மி.மீ. ஓரம் விட்டால், இரண்டில் மெல்லியதான வெப் ஒரு போல்ட்டுக்குச் சுமார் 80 கிலோநியூட்டன் தாங்கும். இங்கேயும் பயமில்லை.

இனிதான் சிக்கல். பாரம் தூணைச் சேருவதற்கு முன் 60 மி.மீ. தள்ளி நிற்கிறது. அதனால் போல்ட் கூட்டத்தைக் கீழே இழுப்பதோடு, திருகவும் பார்க்கிறது. திருப்பும் அளவு 100 பெருக்கல் 0.06, அதாவது 6 கிலோநியூட்டன் மீட்டர். நடு போல்ட் மையத்திலேயே இருப்பதால் இதை எதிர்க்க அதனால் முடியாது. மேலும் கீழும் உள்ள இரண்டுதான் ஒன்று வலப்புறமும் மற்றது இடப்புறமுமாகத் தள்ளி எதிர்க்கின்றன. இரண்டுக்கும் நடுவே 120 மி.மீ.; 6ஐ 0.12ஆல் வகுத்தால் ஒவ்வொன்றின் மேலும் கிடைவாட்டில் 50 கிலோநியூட்டன். நேர்கீழாக வரும் 33.3 இதற்குச் செங்குத்தானது. ஆகவே இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும்:

√(33.3² + 50²) ≈ 60

45.3 தாங்கும் போல்ட்டின்மேல் 60! வகுத்துப் பார்த்தபோது இந்த உண்மை கண்ணில் படவே இல்லை.

என்ன செய்யலாம்? 60 மி.மீ. இடைவெளியிலேயே நான்காவது போல்ட் சேர்த்தால், முனை போல்ட்டுக்குத் திருப்பத்தால் 30, நேர்ப்பாரத்தால் 25, சேர்ந்து 39. இது 4.6 ரகத்துக்கே அடங்குகிறது. தகட்டின் நீளம் 260 மி.மீ. ஆகும், இந்த வெப்பில் அதற்கு இடமுண்டு. மூன்றையே வைத்து 8.8 ரகத்துக்கு மாறுவது இன்னொரு வழி. அந்தப் போல்ட் 90 தாங்கும். அப்போது முதலில் விட்டுக்கொடுப்பது போல்ட் அல்ல, வெப், அது 80. இதில் ஒரு நன்மை உண்டு. போல்ட் அறுந்தால் முன்னறிவிப்பே இருக்காது. துளை நீளும்போது இணைப்பு மெல்ல இறங்கும், போல்ட் தலையைச் சுற்றிப் பெயின்ட் வெடிக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க நேரம் கிடைக்கும்.

ஆனாலும் மூன்று 8.8 போல்ட்டோடு நான் நிறுத்த மாட்டேன். இரண்டு ரகமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தலையில் பொறித்த எண்ணைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். வேலையிடத்தில் பெட்டி மாறிப்போனால், 60 வரும் இடத்தில் 45 தாங்கும் போல்ட் போய் உட்கார்ந்துவிடும். நான்கு 8.8 போட்டால், தப்பித்தவறி 4.6 வந்தாலும் 39தான் வருகிறது, தாங்கிவிடும். கூடுதல் செலவு நான்கு இணைப்புக்கு நான்கு போல்ட், எட்டுத் துளை, கொஞ்சம் தகடு.

துளை பொருந்தவில்லை என்று கேஸ் கட்டரால் அகலப்படுத்துவதை மட்டும் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. ஓரத்துக்கு விட்ட 40 மி.மீ. குறைந்துவிடும், போல்ட்டுகளுக்குள் பாரம் சமமாகப் பகிர்வதும் போய்விடும். அப்படிப்பட்ட தகட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாகத் துளையிட்டதைத்தான் மாட்ட வேண்டும்.