341 ரூபாய் பில்லில் வரி எங்கே ஒளிந்திருக்கிறது?

சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாக்கெட் துணி துவைக்கும் பவுடர், ஒரு பாட்டில் ஷாம்பு. பவுடரில் அச்சிட்ட எம்.ஆர்.பி. 236 ரூபாய், ஷாம்பில் 105 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பில்லைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். அடியில் பொடி எழுத்தில் ஒரு கட்டம்: வரிக்குரிய மதிப்பு 300, சி.ஜி.எஸ்.டி. 20.50, எஸ்.ஜி.எஸ்.டி. 20.50. அதைப் பார்த்ததும் "விலைக்கு மேல 41 ரூபா வரி வேற போட்டுட்டாங்க" என்று முணுமுணுப்பவர்கள் நிறையப் பேர்.

இந்தப் பில்லில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 236-ஐயும் 105-ஐயும் கூட்டினால் 341. 300-ஐயும் 41-ஐயும் கூட்டினாலும் அதே 341. கடைக்காரர் வாங்கியது பாக்கெட்டில் போட்ட விலையை மட்டும்தான். அந்த விலைக்குள் அரசுக்குப் போகும் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதே கீழே உள்ள கட்டத்தின் வேலை. கட்ட வேண்டிய தொகை 341-க்குப் பதிலாக 382 என்று வந்திருந்தால்தான் சண்டை போடவேண்டும்.

எம்.ஆர்.பி. என்றால் அதிகபட்ச சில்லறை விலை. 'அனைத்து வரிகளும் உட்பட' என்று அதன் பக்கத்திலேயே இருக்கும். இந்த இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்கவில்லை. 1990-க்கு முன்பு உற்பத்தியாளர் ஒரு விலையைப் போட்டு, 'உள்ளூர் வரிகள் தனி' என்று அச்சிடலாம். வரி எவ்வளவு என்பது வாங்குபவருக்குத் தெரியாது. கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட காலம் அது. 1990-இல் விதி திருத்தப்பட்டு, எல்லா வரியையும் உள்ளடக்கிய ஒரே விலைதான் அச்சிட வேண்டும் என்றானது. இன்று இதைக் கட்டுப்படுத்துபவை 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், 2011-இல் நடைமுறைக்கு வந்த பொட்டலப் பொருள் விதிகளும்.

ஒரு விஷயம் பலருக்கும் குழப்பம். இந்த விலையை அரசு நிர்ணயிப்பதில்லை. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள சில மருந்துகள் போன்றவற்றைத் தவிர, தொகையை முடிவு செய்வது உற்பத்தி செய்பவரோ இறக்குமதி செய்பவரோதான். அதற்கு மேல் விற்கக்கூடாது என்பது மட்டுமே சட்டம். குறைத்து விற்கத் தடையில்லை. ஆகவே எம்.ஆர்.பி. என்பது உச்சவரம்பு; நியாய விலை என்ற சான்றிதழ் அல்ல. ஆண்டு முழுக்கப் 'பாதி விலை' போர்டு தொங்கும் கடைகளில் அச்சிட்ட விலை எதற்காக அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி கணக்கு. துணிப் பவுடருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 236-க்கு 18 சதவீதம் போட்டால் 42.48 வருகிறது, பில்லிலோ வெறும் 36 ரூபாய். கடையில் வரி ஏய்ப்பா? இல்லை. 18 சதவீதம் என்பது வரி சேராத அடிப்படை விலைக்கு. அடிப்படை விலை 100 என்றால், வரியோடு 118. எனவே 236-ஐ 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 200 வரும். மிச்சம் 36 வரி. அதில் சரிபாதி மத்திய அரசுக்கு, சரிபாதி மாநிலத்துக்கு. ஷாம்புக்கு 5 சதவீதம் என்பதால் 105-இல் 100 பொருளுக்கு, 5 வரிக்கு.

தள்ளுபடி வரும்போதுதான் உண்மையான சிக்கல். அதே பவுடருக்கு 15 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கடை அறிவிக்கிறது. 236-இல் 15 சதவீதம் கழித்தால் 200.60. வாங்குபவர் கொடுக்க வேண்டியது அவ்வளவே. வரி அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் அந்த 200.60-க்கு மேல் 'ஜி.எஸ்.டி. தனி' என்று மீண்டும் 18 சதவீதம் ஏற்றினால் 236.71. தள்ளுபடி என்று சொல்லிவிட்டு, எம்.ஆர்.பி.யைவிட 71 பைசா கூடவே வாங்கியாயிற்று! இது கற்பனைத் தந்திரம் அல்ல. தள்ளுபடி விலைக்கு மேல் அன்றைய வாட் வரியைச் சேர்த்து வாங்கிய ஒரு வழக்கு, சண்டிகரிலிருந்து தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் வரை போனது. எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடங்கியிருக்கும்போது, குறைத்த விலைக்கு மேல் வரி போடுவது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2017 ஜனவரியில் ஆணையம் சொன்னது. விளம்பரத்தின் மூலையில் பொடியாக 'வரி தனி' என்று போட்டிருந்ததும் அங்கே எடுபடவில்லை.

வரி குறைந்தால் என்ன ஆகும்? 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசை, குடிநீர் பாட்டில் போன்றவற்றின் வரி 18-இலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. வரி உள்ளேயே இருப்பதால் விலையே இறங்கவேண்டும். நம் 105 ரூபாய் ஷாம்பு அதற்கு முன்பு 118-ஆக இருந்திருக்கும். ரயில் நிலையங்களில் விற்கும் 'ரயில் நீர்' ஒரு லிட்டர் பாட்டில் 15 ரூபாயிலிருந்து 14 ஆனது இதனால்தான். விலை குறைந்தால் பழைய சரக்கில் ஸ்டிக்கர் ஒட்டலாம். ஆனால் முதலில் அச்சிட்ட விலையை அது மறைக்கக்கூடாது. பழைய விலையை மூடிக்கொண்டு அதைவிடக் கூடிய விலையில் ஒரு ஸ்டிக்கர் இருந்தால், நகத்தால் சுரண்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

பெட்டிக்கடையில் கேட்கும் 'கூலிங் சார்ஜ்' இன்னொரு வகை. பால் பாக்கெட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கூட்டி வாங்க, ஃபிரிட்ஜுக்கு கரண்ட் செலவாகிறது என்பது காரணம். சட்டத்தில் அந்தக் காரணத்துக்கு இடமில்லை. கடை நடத்தும் செலவும் லாபமும் எம்.ஆர்.பி.க்குள்ளேயே வந்தாகவேண்டும்.

ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது மட்டும் வேறு கதை. மேசைக்குக் கொண்டுவந்து வைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அங்கே விற்கப்படுவது வெறும் பாட்டில் அல்ல, இடமும் பரிமாறுதலும் சேர்ந்த சேவை என்பது அதன் வாதம். மெனு விலைக்கு மேல் ஜி.எஸ்.டி. தனியாக ஏறுவதும் அங்கே முறையானதே. மெனு விலை எம்.ஆர்.பி. கிடையாது. ஆனால் வெளியூர் பஸ் பத்து நிமிடம் நிற்கும் நெடுஞ்சாலை மோட்டலின் வாசல் கடையில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு ஓடி ஏறுகிறவருக்கு யாரும் பரிமாறவில்லை. அது சில்லறை விற்பனை. அச்சிட்ட விலைதான் எல்லை.

ஒரே பொருளுக்கு ஊரில் ஒரு விலை, விமான நிலையத்தில் ஒரு விலை என்று இரட்டை எம்.ஆர்.பி. அச்சிட்டு நியாயமற்ற முறையில் விற்பதற்கும் 2018 ஜனவரி 1 முதல் தடை உண்டு.

கூடுதலாக வாங்கியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் இந்த விதிகளைச் சோதிப்பது தொழிலாளர் துறையின் ஆய்வாளர்கள். பில்லும், விலை அச்சிட்ட பாக்கெட்டும் கையில் இருக்கவேண்டும். கூலிங் சார்ஜ் வாங்கும் கடைகள் பெரும்பாலும் பில் தருவதில்லை. அங்கே ஜிபே, போன்பே வழியாகச் சரியான தொகையைச் செலுத்திய பதிவும் பாட்டிலின் படமும் பேச்சுக்கு ஓர் ஆதாரமாக இருக்கும்.