திருப்பித் தர வேண்டாத பணம்: வீட்டுக் கடனுக்கான கிஃப்ட் லெட்டர்

வீடு வாங்கும் பிள்ளைக்குப் பெற்றோர் பணம் கொடுக்கும்போது, அது கடனல்ல, திருப்பிக் கேட்கப் போவதில்லை என்று கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழியே கிஃப்ட் லெட்டர். வீட்டுக் கடன் தரும் வங்கி, வாங்குபவரின் கைப்பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும்போது இதைக் கேட்கிறது.

வீட்டின் முழு விலையையும் வங்கி கடனாகத் தருவதில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதமும், அதற்கு மேற்பட்ட கடனுக்கு 75 சதவீதமும்தான் உச்சவரம்பு. மீதியை வாங்குபவர் போட வேண்டும். வங்கியில் இதை மார்ஜின் பணம் என்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. அறுபது லட்சம் ரூபாய்க்கு ஒரு ஃபிளாட். கடன் 48 லட்சம். மார்ஜின் 12 லட்சம். மகனிடம் நான்கு லட்சம் சேமிப்பு இருக்கிறது. மீதி எட்டு லட்சத்தைத் தாய் தருகிறார். மகன் கைக்கு வரும் மாதச் சம்பளம் 90,000 ரூபாய். 8.5 சதவீத வட்டியில் இருபது ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். சம்பளத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவு. தாய்க்கும் மாதம் 15,000 ரூபாய் திருப்பித் தருவதாக மகன் ஒப்புக்கொண்டிருந்தால், மொத்தச் சுமை 56,650 ஆகிவிடும். சம்பளத்தில் இது ஏறத்தாழ 63 சதவீதம். அந்த நிலையில் வங்கி கடன் தொகையைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். சம்பளச் சீட்டில் தெரியாத இந்தச் சுமை இல்லை என்பதற்குத்தான் கடிதம்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. கொடுப்பவர், பெறுபவர் பெயர், முகவரி, பான் எண், உறவு. தொகை எண்ணிலும் எழுத்திலும். அனுப்பிய தேதி, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, பரிவர்த்தனை எண். எந்த வீட்டுக்காக என்பவை இருக்க வேண்டும். உயிர்நாடியான வரி இப்படி அமையும்: ‘இத்தொகையை என் மகன் மீதுள்ள அன்பினால், என் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுத்துள்ளேன். இதை நானோ என் வாரிசுகளோ திருப்பிக் கேட்க மாட்டோம். இந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் கோர மாட்டேன்.’ கீழே தாயின் கையெழுத்தும், ஏற்றுக்கொண்டதாக மகனின் கையெழுத்தும் வரும். பணத்தைக் கொடையாகத் தருவதற்குப் பத்திரப் பதிவு கட்டாயமில்லை. பணம் கைமாறினாலே கொடை நிறைவேறிவிடும். ஆனாலும் சில வங்கிகள் முத்திரைத் தாளும் நோட்டரி சான்றும் கேட்கும்.

கடிதத்தைவிடப் பணம் வந்த தடத்தைத்தான் வங்கி கவனமாகப் படிக்கும். தாயின் வைப்புநிதி முடிக்கப்பட்ட பதிவு, அந்தப் பணம் அவருடைய சேமிப்புக் கணக்கில் ஏறிய வரி, அங்கிருந்து எட்டு லட்சம் வெளியேறிய வரி, மகன் கணக்கில் அதே தொகை வந்த வரி என நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கடிதத்தில் எட்டு லட்சம் என்றிருக்க, கணக்கில் ஐந்து லட்சம் மட்டும் வந்து, மீதி மூன்று லட்சம் ரொக்கமாகக் கட்டப்பட்டிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். தாயின் கணக்கில் முந்தைய வாரம் ஏதோ ஒரு பெரிய தொகை வந்து விழுந்திருந்தாலும் அதன் மூலத்தைக் கேட்பார்கள். அவர் பெயரில் எடுத்த நகைக் கடனோ, உறவினரிடம் வாங்கிய கைமாற்றோ என்ற ஐயம் எழும்.

பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் பணத்துக்கு, தொகை எவ்வளவானாலும், பெறுபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. நண்பர் போன்ற உறவல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் முழுத் தொகைக்கும் வரி உண்டு. ரொக்கத்துக்கு வேறு விதி. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. கொடுத்தவர் தாயே ஆனாலும் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க முடியும்.

பணம் உண்மையில் திரும்பி வர வேண்டும் என்ற பேச்சு வீட்டில் இருந்தால் இந்தக் கடிதத்தில் கையெழுத்திடக் கூடாது. அது வங்கிக்குக் கொடுக்கும் பொய்யான உறுதிமொழி. பின்னால் தாய்க்குப் பணம் தேவைப்பட்டாலும், உடன்பிறந்தவர்கள் பங்கு கேட்டாலும், அவர் கையெழுத்தே அவருக்கு எதிராக நிற்கும். அப்படிப்பட்ட பணத்தைக் கடன் என்றே வங்கியில் சொல்லி, அதைக் கணக்கில் சேர்த்த பிறகு கிடைக்கும் குறைந்த கடனுக்கு ஏற்ற வீட்டைப் பார்ப்பதே சரி. கொடையாகவே தந்திருந்தால், கடிதத்தின் ஒரு நகலையும் கணக்கு அறிக்கைகளையும் கிரயப் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். வருமான வரித் துறை பிற்காலத்தில் விளக்கம் கேட்டாலும் அந்த எட்டு லட்சத்துக்கு அவையே சான்று.