மலை உச்சியில் ஒரு ட்வார்ஃப், அடிவாரத்தில் மூன்று ஓர்க்குகள்

'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' என்ற கணினி விளையாட்டை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். டேவிட் வைட் என்பவர் 2003-இல் தொடங்கிவைத்தது. இன்றுவரை தன்னார்வலர்கள் அதை வளர்த்து வருகிறார்கள். தரை முழுக்கத் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள். நீங்கள் உங்கள் ஆட்களை நகர்த்தி, அடிக்க வேண்டியவர்களை அடித்து முடித்த பிறகுதான் எதிராளியின் முறை வரும். சதுரங்கம்போல நிதானமாக யோசிக்கலாம். ஆனால் இங்கே பலகையே ஒரு காய். எந்தக் கட்டத்தில் காடு, எதில் மலை, எதில் ஆழமற்ற தண்ணீர் என்பதைப் பொறுத்து அதே வீரன் சிங்கமாகவும் ஆவான், எலியாகவும் ஆவான்.

இத்தகைய விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது இரண்டு அறிவுரைகள் தவறாமல் வரும். குறுகிய வழியைப் பிடித்துக்கொள், மேட்டைப் பிடித்துக்கொள். இரண்டும் சரிதான். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை என்று தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் ட்வார்ஃப் இனத்துப் போர்வீரன் ஒருவன். உயிர் 38 புள்ளி. கோடாரியால் ஒரு சண்டையில் மூன்று முறை வீசுவான். பட்டால் ஒவ்வொன்றும் 7 புள்ளியைக் குறைக்கும். மறுபக்கம் ஓர்க் காலாட்கள். அவர்களுக்கும் உயிர் 38. வாளால் இரண்டு வீச்சு, ஒவ்வொன்றும் 9. ஓர்க்குகள் இரவுப் பிராணிகள். இரவில் அவர்கள் அடி கால் பங்கு கூடும், பகலில் கால் பங்கு குறையும். ட்வார்ஃபின் உடம்பு வாள்வெட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். இரண்டையும் பெருக்கினால் இரவில் ஓர்க்கின் ஒரு வெட்டு சரியாக 9 புள்ளி. அடி படுமா படாதா என்பதைத் தீர்மானிப்பது அடி வாங்குகிறவன் நிற்கும் தரை. மந்திரத் தாக்குதல் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. சமதரையில் நிற்கும் ட்வார்ஃப் மேல் நூற்றுக்கு 70 வீச்சு படும். மலைமேல் நின்றால் 30 மட்டுமே.

முதலில் மேட்டைப் பார்ப்போம். இரவு நேரம், மூன்று ஓர்க்குகள் பாய்கிறார்கள். மொத்தம் ஆறு வீச்சு. நான்கு பட்டால் 36. இரண்டு புள்ளி உயிர் மிஞ்சும். சாக வேண்டுமானால் ஐந்தாவது படியாக வேண்டும். சமதரையில் ஆறில் ஐந்தோ ஆறோ படுவதற்கான வாய்ப்பு 42 சதவீதம். மலைமேல் அது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. ஒரு கட்டம் ஏறி நின்றதில் இவ்வளவு வித்தியாசம்.

இப்போது இடுக்கு. சமவெளியில் தனியாக நிற்பவனை ஆறு பக்கமும் சூழலாம். இரு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கி, எதிரிகள் வந்து நிற்க இரண்டே கட்டம் விட்டிருக்கிறது என்று வையுங்கள். இரண்டு ஓர்க்குகள், நான்கு வீச்சு, நான்கும் பட்டாலும் 36. முழு உயிரோடு இருக்கும் ட்வார்ஃப் அந்த முறையில் சாகவே முடியாது. அவன் நிற்பது வெறும் சமதரையாக இருந்தாலும் சரி. மேடு சாவின் வாய்ப்பைக் குறைக்கிறது. இடுக்கோ வாய்ப்பு என்ற பேச்சையே எடுத்துவிடுகிறது. (இதில் ஒரு எச்சரிக்கை. வீரர்களுக்கு விளையாட்டு ஆளுக்கொரு குணத்தைக் குலுக்கிப் போட்டுக் கொடுக்கும். இரண்டு ஓர்க்குகளும் 'பலசாலி' குணத்தோடு வந்துவிட்டால் வெட்டு 10 ஆகிவிடும். நான்கும் பட்டால் 40, ஆள் காலி. ஆகவே எதிரியைச் சுட்டியால் தொட்டு அவன் குணத்தைப் படிக்காமல் இந்தக் கணக்கை நம்பக் கூடாது.)

அப்படியானால் இடுக்கே மேல் என்று முடித்துவிடலாமா? நல்ல வரைபடம் அவ்வளவு சுலபமாக விடாது. கணவாயின் வாயில் ஒரு மலைக் கட்டம். அதை மூன்று பேர் தாக்கலாம். ஒரு அடி பின்னால் சமதரைக் கட்டம். அதை இரண்டு பேர்தான் தாக்க முடியும். இரவு வருகிறது. உங்கள் ட்வார்ஃபை எங்கே நிறுத்துவீர்கள்?

பின்கட்டத்தில் அவன் சாக மாட்டான். ஆனால் சராசரியாக 25 புள்ளி இழப்பான், விடிவதற்குள் இன்னொரு இரவு முறையும் இருக்கிறது. மலையில் ஒரு சதவீத ஆபத்து உண்டு. சராசரி இழப்போ 16 புள்ளிதான். அதோடு பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. வெஸ்நாத்தில் தாக்கப்படுகிறவன் சும்மா நிற்பதில்லை, திருப்பி அடிக்கிறான். மூன்று பேர் வந்தால் அவனுக்கு ஒன்பது வீச்சு, இரண்டு பேர் வந்தால் ஆறு. சமதரையில் நிற்கும் ஓர்க் மேல் 60 சதவீதம் படும். ஆக மலையில் நின்றால் எதிரிக்குச் சராசரியாக 38 புள்ளி நட்டம், பின்கட்டத்தில் 25. கதவை ஒடுக்கினால் எதிரி வரும் வழி மட்டுமல்ல, உங்கள் கோடாரி வீசும் இடமும் ஒடுங்குகிறது.

என் கட்சி மலைதான். ஆனால் அங்கே நிற்பது படையின் தலைவனாக இருந்தால், அவன் செத்தால் ஆட்டமே போய்விடும் என்னும்போது, அந்த ஒரு சதவீதத்தைக்கூட வாங்க மாட்டேன், பின்கட்டத்துக்குப் போய்விடுவேன். அதே தரை, அதே எதிரி, அதே இரவு. நிற்பவன் யார் என்பது மாறியதும் விடை மாறுகிறது. ஒரு வரைபடத்தில் இடுக்கும் மேடும் ஒரே கட்டத்தில் இருந்தால் இந்த யோசனைக்கே இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆளை அங்கே நிறுத்துவோம். இரண்டையும் ஒரு கட்டம் தள்ளி வைத்ததில்தான் வரைபடம் போட்டவரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

எல்லா விளையாட்டிலும் மேடு இப்படிக் காப்பதில்லை. 2012-இல் வந்த 'எக்ஸ்காம்: எனிமி அன்நோன்' விளையாட்டில் உயரத்தில் நிற்பவன் கீழே இருப்பவனைச் சுடும்போது குறி தவறாத வாய்ப்பு 20 புள்ளி கூடும். அங்கே உயரம் கேடயமல்ல, துப்பாக்கி. அதனால் ஆட்டக்காரரின் ஆசை வேறு பக்கம் இழுக்கிறது. வெஸ்நாத்தின் மலை 'இங்கேயே இரு' என்று உட்கார வைக்கும். எக்ஸ்காமின் மொட்டைமாடி 'ஏறி வா' என்று முன்னால் கூப்பிடும். ஏறிய பிறகு வெடிகுண்டு வந்தால் காலுக்குக் கீழே தளம் இருக்குமா என்பது தனிக் கவலை.

உட்கார வைக்கும் மேட்டில் ஒரு நோய் உண்டு. இரண்டு பக்கமும் நல்ல இடுக்கு, நல்ல மலை கொடுத்துவிட்டால் இரண்டு பேரும் நகர மாட்டார்கள். முதலில் இறங்குகிறவனுக்குத்தான் அடி. எனவே நீ வா, நீ வா என்று முறைமேல் முறை கடந்துபோகும். வெறும் 'முறை முடி' பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறோம் என்று ஆட்டக்காரருக்குத் தோன்றினால் வரைபடம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். சிலர் இதற்கு மருந்தாகச் சுற்றுவழி ஒன்றை வெட்டி வைப்பார்கள். கி.மு. 480-இல் தெர்மோபிலே கணவாயைக் கிரேக்கர்கள் மறித்து நின்றபோது பாரசீகர்கள் மலைப்பாதை வழியாக அவர்களின் முதுகுப்பக்கம் வந்ததுபோல. ஆனால் சுற்றுவழி குட்டையாக இருந்தால் கணவாய்க்கு மதிப்பில்லை. ரொம்ப நீளமாக இருந்தால் அதில் யாரும் போவதில்லை.

வெஸ்நாத்தின் மருந்து கடிகாரமும் காசும். ஆறு முறைகள் சேர்ந்தது ஒரு நாள்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, முன்னிரவு, பின்னிரவு. சம்பளம் வருவது கிராமங்களிலிருந்து. கிராமத்தில் கால் வைத்துவிட்டுப் போனாலும், எதிரி வந்து பறிக்கும்வரை வருமானம் உங்களுக்கே.

இப்போது பகல் கணக்கைப் போடுங்கள். பகலில் ஓர்க்கின் வெட்டு ட்வார்ஃப் மேல் 5 புள்ளிதான். மூன்று பேர் சேர்ந்து ஆறு வீச்சும் பட்டால்கூட 30. மூவருமே பலசாலிகளாக இருந்தாலும் 36. அதாவது பகலில் முழு உயிரோடு சமதரையில் நிற்கும் ட்வார்ஃபை மூன்று ஓர்க்குகளால் ஒரே முறையில் கொல்லவே முடியாது. நேற்றிரவு பொன்னாக இருந்த மலை, காலையில் வெறும் கல். அங்கேயே குந்தியிருந்தால் கீழே உள்ள கிராமங்களை எதிரி ஒவ்வொன்றாகத் தின்றுவிடுவான். இறங்கத்தான் வேண்டும்.

எவ்வளவு தூரம் இறங்குவது? ட்வார்ஃப் சமதரையில் ஒரு முறைக்கு நான்கு கட்டம் நடப்பான். கிராமம் நான்கு கட்டத்தில் இருந்தால் காலையில் போய், பிற்பகலில் திரும்பிவிடலாம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. எட்டுக் கட்டத்தில் இருந்தால்தான் வயிற்றைக் கலக்கும். காலையிலும் பிற்பகலிலும் நடந்தால் கிராமம் கைக்கு வரும். அந்தியில் பாதி வழி திரும்பலாம். முன்னிரவில் மீதிப் பாதியை நடந்தால் மலை வந்துவிடும், வழியில் யாரும் குறுக்கே வராவிட்டால். இந்த விளையாட்டில் அநேகமாக ஒவ்வொரு வீரனும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களையும் ஆதிக்கத்தில் வைத்திருக்கிறான். அதற்குள் கால் வைத்த எதிரி பெரும்பாலும் அந்த முறையில் அதற்குமேல் நகர முடியாது. எனவே உங்களைத் தடுக்க ஒரு படையே தேவையில்லை. அந்தி நேரத்தில் ஒரே ஒரு ஓர்க் உங்களுக்கும் மலைக்கும் நடுவில் வந்து நின்றால் போதும்; முன்னிரவில் நீங்கள் ஒன்றிரண்டு கட்டம்தான் நகர்வீர்கள், மற்ற இரண்டு ஓர்க்குகளும் வந்து சேர்ந்துகொள்வார்கள். சமதரை, இரவு, மூன்று பேர்: அந்த 42 சதவீதக் கணக்கு திரும்ப வந்து நிற்கிறது. வழியில் ஏற்கெனவே வெட்டு வாங்கியிருந்தால் அதைவிடவும் மோசம்.

இதைத் தவிர்க்க இரண்டாவது ட்வார்ஃப் ஒருவனைப் பாதி வழியில் காவலுக்கு நிறுத்தலாம். அப்போது மலையில் யார் நிற்பது?